கூட்டம் வந்தது, மக்கள் வந்தார்கள்

ஓர் அலுவலக வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஏதோ ஒரு குறையைச் சொல்ல வந்தவர்கள். நேரம் ஆக ஆக சிலருடைய குரல் உயர்கிறது. இரண்டு பேர் கதவைத் தட்டுகிறார்கள். மறுநாள் இந்தச் சம்பவத்தை நான்கு விதமாகப் படிக்க நேரலாம்:

அலுவலகத்தின் முன் பொதுமக்கள் திரண்டனர்.
அலுவலகத்தின் முன் கூட்டம் கூடியது.
அலுவலகத்தில் ஒரு தரப்பினர் வாக்குவாதத்தில் ஈடுபட்டனர்.
அலுவலகத்தை ஒரு கும்பல் முற்றுகையிட்டது.

நான்கில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்தவர் ‘என்ன குறையாம்?’ என்று கேட்பார். நான்காவதைப் படித்தவர் ‘போலீஸ் எங்கே போச்சு?’ என்று கேட்பார். இரண்டாவதைப் படித்தவர் அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியில் போய்விடுவார். மூன்றாவது கொஞ்சம் சாமர்த்தியமானது. ‘ஒரு தரப்பினர்’ என்றாலே இன்னொரு தரப்பு இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

இதைப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் பெயர்ச்சொல்லைத்தான் பார்ப்போம். கும்பல் கெட்ட வார்த்தை, மக்கள் நல்ல வார்த்தை, கூட்டம் இரண்டுக்கும் நடுவில் என்று முடித்துவிடுவோம். அது சரிதான். ஆனால் தமிழில் மனப்பான்மை தங்கியிருக்கும் இடம் இன்னொன்று உண்டு. வாக்கியத்தின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பொதுமக்கள் திரண்ட*னர்*, தரப்பினர் ஈடுபட்ட*னர்*. கூட்டம் கூடிய*து*, கும்பல் முற்றுகையிட்ட*து*. அதே நாற்பது பேர்தான். இரண்டு வாக்கியங்களில் அவர்கள் உயர்திணையாக இருக்கிறார்கள், மற்ற இரண்டில் அஃறிணையாகி விட்டார்கள். மழை வந்தது, வண்டி வந்தது, கூட்டம் வந்தது.

இது அண்மையில் வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது. உண்மையில் உயர்திணைப் பொருளையே குறித்தாலும், பேசும்போது அஃறிணை முடிவு பெறும் சொற்கள் என்று பதினெட்டை அது அடுக்குகிறது. அரசு, குழவி, விருந்து, அடிமை என்று போகும் அந்த வரிசையில் ‘குழு’வும் இருக்கிறது. மனிதர்கள் பலர் சேர்ந்து ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டால், இலக்கணம் அவர்களை ‘அது’ என்று எண்ணத் தொடங்கிவிடும் என்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்கும். காதல், சிறப்பு, கோபம் இவற்றால் சொல்லும் சொற்களும் அதில் சேர்ந்தே வருகின்றன. அதாவது ஒரு மனிதரை அஃறிணையில் சொல்வது எப்போதும் அவமதிப்பு அல்ல. ‘அது தூங்கிடுச்சா?’ என்று கைக்குழந்தையைப் பற்றிக் கேட்டால் கொஞ்சல். அதே வாக்கியத்தைப் பிடிக்காத ஒரு பெரிய மனிதரைப் பற்றிக் கேட்டால் வசவு. அன்பு, மதிப்பு, வெறுப்பு மூன்றும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. கூட்டத்தைக் குறிக்கும் சொற்களுக்கும் இது பொருந்தும். ‘அது’ என்று ஆன பிறகு அந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

‘கூட்டம்’ எந்தப் பக்கமும் சாயாத சொல். கூடு என்ற வினையிலிருந்து வந்தது. பழைய அகப்பொருள் இலக்கணத்தில் காதலர் இருவர் சேர்வதற்கும் கூட்டம் என்றுதான் பெயர். இரண்டே பேர்! இப்போது செயற்குழு கூடினாலும் கூட்டம், பேருந்து நிலையத்தில் இடிபட்டாலும் கூட்டம். ஆகவே இந்தச் சொல்லின் மனப்பான்மையை அதன் அக்கம்பக்கத்துச் சொற்கள்தான் சொல்கின்றன. ‘கூட்டம் திரண்டது’ என்றால் பெருமை. ‘கூட்டம் அலைமோதியது’ என்றால் வியப்பு, கொஞ்சம் அலுப்பு. ‘கூட்டம் முண்டியடித்தது’ என்றால் குறை. முடியும்போதும் இப்படித்தான். ‘கலைந்தது’ என்றால் தானாக வீட்டுக்குப் போயிற்று. ‘கலைக்கப்பட்டது’ என்றால் யாரோ தடியோடு வந்தார்கள். யார் என்று வாக்கியம் சொல்லாது.

முன்னால் வரும் சுட்டும் வேலை செய்யும். ‘ஒரு கூட்டம் வந்தது’ என்பதில் எதுவும் இல்லை. ‘அந்தக் கூட்டம் வந்தது’ என்று முகத்தைச் சுளித்துச் சொன்னால் பரம்பரைப் பகையே தெரியும். ‘அந்தக் கூட்டமே அப்படித்தான்’ என்ற வாக்கியத்தில் ஏகாரத்தை எடுத்துவிட்டால் பாதி விஷம் இறங்கிவிடுகிறது.

கூட்டத்திலிருந்து மனிதர்களை மீட்டெடுக்கவும் தமிழில் வழி இருக்கிறது. ‘கூட்டம் கத்தியது’ என்பதைக் ‘கூட்டத்தினர் கத்தினர்’ என்றோ ‘கூடியிருந்தவர்கள் கத்தினார்கள்’ என்றோ மாற்றினால் போதும், ஆட்களுக்கு மறுபடியும் முகம் வந்துவிடும். அப்புறம் அவர்களில் சிலர் கத்தவில்லை என்று சொல்வதற்கும் இடம் கிடைக்கும். ‘கூட்டத்தில் சிலர் கத்தினார்கள்’ என்பது இன்னும் நேர்மையான வாக்கியம். எழுத வேண்டிய எழுத்துகள் சிலதான் கூடுதல்.

‘கும்பல்’ கதை வேறு. குவியல் என்ற பொருளில் இருந்த சொல் இது. அந்தப் பழைய பொருள் இன்னும் முழுக்கப் போகவில்லை. ‘கும்பலாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்’ என்று யாரும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். பேச்சில் ‘பஸ்ல ஒரே கும்பல்’ என்றால் நெரிசல் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ‘ஆக’ சேர்ந்து வினையடையாக வரும்போதும், பேச்சிலும் அது வெறும் குவியல்தான். எழுத்தில், அதுவும் செய்தி எழுத்தில், எழுவாயாக வந்து நின்றால் மட்டும் அது குற்றவாளி.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வாக்கியத்தைத் தன்மையில் சொல்லிப் பாருங்கள். ‘கூட்டத்தில் நானும் இருந்தேன்’ என்றால் சாதாரணத் தகவல். ‘அவையில் நானும் இருந்தேன்’ என்றால் கொஞ்சம் பெருமை. ‘அந்தக் கும்பலில் நானும் இருந்தேன்’ என்றால் வாக்குமூலம். கும்பல் என்பது பிறர் மட்டுமே இருக்கும் இடம். தன்னைக் கும்பல் என்று அழைத்துக்கொள்ளும் கும்பல் இல்லை, நண்பர்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வதைத் தவிர.

இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திட்டம் போட்டு வேலை செய்யும் நாலு பேரும் கும்பல்தான். தெருவில் ஏதோ வதந்தியைக் கேட்டு ஆத்திரத்தில் சேர்ந்த நானூறு பேரும் கும்பல்தான். முதல் வகையில் தலைவன் இருப்பான், பங்கு பிரிப்பார்கள், நாளைக்கும் அதே ஆட்கள் சேர்வார்கள். இரண்டாவது வகையில் பக்கத்தில் நிற்பவர் யார் என்றுகூடத் தெரியாது. மறுநாள் அந்தக் கும்பலே இருக்காது. இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே சொல்.

எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வாசகர்கள் பழகி வைத்திருக்கும் குறிப்பு, எண்ணிக்கை. ‘4 பேர் கொண்ட கும்பல்’ என்று எண்ணிச் சொல்லியிருந்தால் அது திட்டமிட்ட வகை. ‘கடத்தல் கும்பல்’, ‘கொள்ளைக் கும்பல்’ என்று தொழில் பெயர் முன்னால் வந்தாலும் அதே வகை. ‘ஆத்திரமடைந்த கும்பல்’ என்று உணர்ச்சி முன்னால் வந்து, எண்ணிக்கை இல்லாமல் போனால் அது இரண்டாவது வகை. தொழிலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, வெறுமனே ‘கும்பல் தாக்கியது’ என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் கோளாறு நடக்கிறது. திட்டமிடாமல் நடந்த ஒன்றுக்குத் திட்டம் ஒட்டிக்கொள்கிறது; திட்டமிட்டு நடத்திய ஒன்று, ஏதோ திடீர் ஆத்திரம் என்பது போல நழுவிவிடுகிறது. இரண்டாவது நழுவல் எனக்கு அதிகம் உறுத்தும். கூட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர் இருந்தாலும், ‘கும்பல்’ என்ற அஃறிணைக்குள் அவர் வசதியாக ஒளிந்துகொள்கிறார். எல்லோரும் செய்தார்கள் என்றால் யாரும் செய்யவில்லை என்றாகிவிடும்.

இதே மறைவு ‘நெரிசல்’ என்ற சொல்லிலும் நடக்கிறது. அங்கே பழி வேறு திசையில் போகிறது. ‘முண்டியடித்துச் சென்றதால் நெரிசலில் சிக்கி உயிரிழந்தனர்’ என்ற வாக்கியம் கைக்குப் பழகிப் போனது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முண்டியடித்தது யார்? கூட்டம். உயிரிழந்தது யார்? அதே கூட்டம். வாயிலை வைத்தவர், அளவுக்கு மேல் அனுமதித்தவர், ஒரே வழியாக உள்ளே விட்டவர் எவரும் வாக்கியத்தில் இல்லை.

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்ததை இதற்கு வைத்துப் பார்க்கலாம். அரையிறுதிப் போட்டி. லிவர்பூல் அணி ரசிகர்களுக்கான பக்கத்தில் வெளியே நெருக்கடி கூடியதும், போலீஸ் அதிகாரியின் உத்தரவில் வெளிவாயில் ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே போனவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. அது நடுவில் இருந்த அடைப்புகளுக்குப் போகும். அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே போகச் சொல்ல ஆள் இல்லை. முன்னால் இருந்தவர்கள் கம்பிவேலியோடு நசுங்கினார்கள். மொத்தம் 97 பேர் இறந்தார்கள்.

வாயிலை ரசிகர்களே முட்டித் திறந்துவிட்டார்கள் என்று அந்த அதிகாரி அன்றே சொன்னார். அது உண்மை இல்லை. ஆனால் கதை பரவியது: குடித்துவிட்டு வந்தார்கள், தாமதமாக வந்தார்கள், முண்டியடித்தார்கள். ரசிகர்கள் ஒரே நாளில் கும்பல் ஆனார்கள். அதே ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை, போலீஸ் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் கதை அவர்களை விட்டுப் போகவில்லை. 2016-இல்தான் மரண விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணம் இல்லை என்று தீர்மானித்தது. 27 ஆண்டுகள்.

முண்டியடித்தல் என்ற வினை இங்கே ஏன் பொருந்தாது என்பதற்கு உடலியல் காரணமும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 6, 7 பேர் என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது. பின்னால் ஒரு சிறு அசைவு முன்னால் பெரிய அழுத்தமாகப் போய்ச் சேரும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. நிறைய பேர் கீழே விழுந்து மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். இதில் முண்டுவதற்குக் கைகூட அசையாது. ‘முண்டியடித்தது’ என்று எழுதுகிறவர் நடந்ததைச் சொல்லவில்லை, தீர்ப்பு எழுதிவிட்டார். ‘நெருக்குண்டு இறந்தனர்’ என்றால் நடந்தது மட்டும் வரும்.

சரி, அஃறிணை என்றாலே இழிவு என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. ‘அவை’ என்ற சொல் அதற்குச் சாட்சி. ‘அவை கூடியது’, ‘அவை எழுந்து நின்றது’, ‘அவை ஒத்திவைக்கப்பட்டது’ எல்லாமே அஃறிணை முடிவுதான். ஆனால் யாரும் குறைந்து போகவில்லை. கும்பலில் பல பேர் சேர்ந்து ஓர் உடம்பு ஆகிறார்கள். அவையில் பல பேர் சேர்ந்து ஓர் அறிவு ஆகிறார்கள். அவைக்கு முன்னால் பேசுகிறவர்தான் தாழ்ந்து நிற்க வேண்டும். அவையடக்கம் என்று ஒரு பாட்டே எழுதிவிட்டுத்தான் புலவர்கள் காப்பியத்தைத் தொடங்குவார்கள். சபைக்கூச்சம், சபை மரியாதை என்று பேச்சில் சொல்வதும் இதைத்தான். கூட்டத்துக்கு முன்னால் கூச்சம் வரும். ஆனால் அதற்குக் ‘கூட்டக் கூச்சம்’ என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

திருக்குறளில் அவைக்கு இரண்டு அதிகாரங்கள்: அவையறிதல், அவையஞ்சாமை. முதல் அதிகாரத்தில் ஒரு குறள்,

புல்லவையுள் பொச்சாந்தும் சொல்லற்க நல்லவையுள்
நன்குசெலச் சொல்லு வார்

என்கிறது. நல்ல அவையில் நன்றாகப் பேசக்கூடியவர்கள், அற்பர்கள் கூடிய அவையில் மறந்தும் வாய் திறக்க வேண்டாம் என்று அறிவுரை. கெட்டதைச் சொல்லும்போதும் அவை என்ற சொல்லை வள்ளுவர் விடவில்லை; ‘புல்’ என்று ஓர் அடைமொழியை முன்னால் வைத்துக்கொண்டார். கும்பலுக்கு இந்த வசதி கிடையாது. ‘நல்ல கும்பல்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்புதான் வரும்.

அவையிலிருந்து கீழே இறங்கி வந்தால் பார்வையாளர்கள், ரசிகர்கள், நேயர்கள். மூன்றுமே உயர்திணை, மூன்று பேருக்கும் மரியாதை ஒன்றல்ல. பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கிறவர், அவ்வளவுதான். பிடித்ததா என்று சொல்லத் தேவையில்லை. ரசிகருக்கு ரசனை இருக்கிறது என்று சொல் முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ரசிகர்களோடு ‘கூட்டம்’ சேர்ந்து ‘ரசிகர் கூட்டம்’ ஆனால் அந்த ரசனை பாதி போய்விடும். ‘விசிலடிச்சான் குஞ்சுகள்’ என்ற வசவு அங்கேதான் பிறந்தது. வானொலிக்காரர்கள் கேட்கிறவர்களை நேயர்கள் என்று அழைத்தது நல்ல சாமர்த்தியம். நேயம் என்றால் அன்பு. கேட்பதற்கு முன்பே அன்பு வைத்தவர்கள் என்று ஆக்கிவிட்டார்கள்.

‘பொதுமக்கள்’ கொஞ்சம் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டிய சொல். மக்கள் எப்போதும் உயர்திணைதான், ‘மக்கள் வந்தது’ என்று யாரும் எழுத மாட்டார்கள். அதனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் ‘போராட்டக்காரர்களால் பொதுமக்கள் அவதி’ என்ற தலைப்பைப் பாருங்கள். சாலையில் உட்கார்ந்த அந்த நொடியில் போராடுகிறவர்கள் பொதுமக்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார்கள். நேற்று வரை அவர்களும் பொதுமக்கள்தான். நாளைக்கு எழுந்து வீட்டுக்குப் போனால் மறுபடியும் ஆகிவிடுவார்கள். பொதுமக்கள் என்பது பொதுவான மக்களைக் குறிக்கிறது என்று நினைக்கிறோம். பழக்கத்தில் அது ‘சம்பந்தப்படாத மக்கள்’ என்றே பொருள்படுகிறது.

சில சொற்கள் காலப்போக்கில் இடம் மாறுவதும் உண்டு. இன்று ‘குழு’ அலுவலக மரியாதை உள்ள சொல்: நிபுணர் குழு, ஆய்வுக் குழு. ஆனால் நாடு என்றால் என்ன என்று சொல்ல வந்த வள்ளுவர்,

பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும்
கொல்குறும்பும் இல்லது நாடு

என்றார். பல குழுக்கள் இருந்தால் நாடு உருப்படாது என்று அர்த்தம். அங்கே குழு என்பது நாட்டைப் பிரிக்கும் உட்கூட்டம். (அதே குறளில் கொலைகாரர்களாக வரும் குறும்பு, இன்று குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது தனிக் கதை.) குழு ஏறி வந்த படியில் ‘கோஷ்டி’ இறங்கிப் போனது. கோட்டி என்ற வடிவில் குறளில் வரும்போது அது கற்றவர் கூடிப் பேசும் இடம். கல்வி இல்லாமல் அங்கே பேசுவது கட்டம் வரையாமல் காய் உருட்டுவது போல என்கிறார். இப்போது பஜனை கோஷ்டி, பாராயண கோஷ்டி என்று சொன்னால் பழைய மரியாதை அப்படியே இருக்கிறது. அரசியல் பக்கம் வந்தால் கோஷ்டிப் பூசல், கோஷ்டி மோதல் தவிர வேறு வேலையே இல்லை. முன்னால் பஜனை வருகிறதா, பின்னால் பூசல் வருகிறதா என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

குழு விட்டுவிட்டுப் போன இடத்தைப் பேச்சில் ‘குரூப்’ பிடித்துக்கொண்டது போலத் தெரிகிறது. ‘அவங்க ஒரு குரூப்பா இருக்காங்க’ என்றால் பெரும்பாலும் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற புகார்தான். ‘டீம்’ வேலை செய்கிறவர்களுக்கு. ‘கேங்’ இன்னும் முடிவாகவில்லை. இளைஞர்கள் ‘எங்க கேங்’ என்று பாசத்தோடு சொல்லும் அதே சொல்லை, அவர்களைப் பற்றிப் புகார் கொடுக்க வருகிறவரும் சொல்கிறார். அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர் பெரும்பாலும் ‘கும்பல்’ என்றே எழுதுவார்.